"எல்லாரும் வர வேண்டாம்" என்றால் யார் வர வேண்டும்? கோவில் அறிவிப்பு எழுதப் புதிதாக வந்தவர்களுக்கு

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கும்போது ஒவ்வொரு கோவில் குழுவிலும் யாராவது ஒருவர் தலையில் அறிவிப்பு எழுதும் வேலை விழும். தமிழ் எழுதத் தெரிந்தவர் என்பதால் அந்த வேலை பெரும்பாலும் குழுவுக்குப் புதிதாக வந்த இளையவரிடம்தான் போகும். அவருக்காக இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் திருத்திக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, பிழையே இல்லாத வாக்கியம் ஆளுக்கொரு பொருள் தருவதைப் பற்றி.

இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

"காவடி எடுப்போர் எல்லாரும் காலை 5 மணிக்கு ஆற்றங்கரைக்கு வர வேண்டாம்."

இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கும் ஒருவர் "ஐந்து மணிக்கு ஒருத்தரும் வர வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு வீட்டில் தூங்குவார். இன்னொருவர் "எல்லாரும் வரணும்னு இல்லை, சிலர் வந்தால் போதும்" என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சிலரில் தான் உண்டா இல்லையா என்று நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்பார். இருவருமே சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

எங்கே இரண்டாகப் பிரிகிறது

தமிழில் வாக்கியத்தை மறுக்கும் சொல் கடைசியில் வரும்: இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, மாட்டார். கடைசியில் நின்றுகொண்டு அது எதை மறுக்கிறது என்பதுதான் கேள்வி. பக்கத்தில் இருக்கும் வினையை மட்டும் மறுக்கலாம். அல்லது முன்னால் இருக்கும் "எல்லாரும்" என்பதையும் சேர்த்து, முழு வாக்கியத்தையும் மறுக்கலாம்.

"எல்லாரும் வரவில்லை" என்பதைப் பாருங்கள். மறுப்பு வினையோடு நின்றால், ஒவ்வொருவரைப் பற்றியும் "வரவில்லை" என்று சொன்னதாக ஆகும். அதாவது ஒருவரும் வரவில்லை. மறுப்பு "எல்லாரும் வந்தார்கள்" என்ற முழுச் செய்தியையும் தள்ளினால், அந்தச் செய்தி உண்மையில்லை என்று மட்டும்தான் பொருள். வராதவர் ஒருவர் இருந்தாலே போதும்.

பேச்சில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. "எல்லாரும்" என்பதை உயர்த்தி, கொஞ்சம் இழுத்து "எல்லாரும் வரல" என்றால் சிலர் வந்தார்கள் என்று கேட்பவருக்குப் புரியும். அழுத்தம் "வரல" என்பதில் விழுந்தால் ஒருத்தரும் வரவில்லை என்று புரியும். தாளில் எழுதி ஒட்டும்போதும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அந்தக் குரல் போய்விடுகிறது. எழுதியவர் காதில் மட்டும் அது ஒலித்துக்கொண்டே இருப்பதால்தான் அவருக்குத் தன் வாக்கியத்தில் இரண்டு பொருள் இருப்பது தெரிவதில்லை.

இது நம் காலத்துக் குழப்பம் இல்லை. நன்னூலில் பவணந்தியார் இதற்கென்றே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்: "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்." எல்லாரும், அனைத்தும், பத்தும் என்று வரும் "உம்" முழுமையைக் காட்டும்; அதனால் அது முற்றும்மை. சில இடங்களில் அதுவே "மிச்சம் இருக்கிறது" என்ற பொருளையும் தரும் என்கிறார். உரைகாரர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் "எல்லாரும் வந்திலர்". சிலர் வந்தார்கள் என்ற பொருள் அதில் எஞ்சி நிற்கிறது. தொல்காப்பிய உரையிலும் "பத்தும் கொடால்" என்று ஒரு உதாரணம் உண்டு. பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இரண்டு உதாரணங்களிலும் எதிர்மறை வினை இருப்பதைக் கவனியுங்கள். "எல்லாரும் வந்தார்" என்றால் மிச்சம் என்ற பேச்சே இல்லை. எதிர்மறை வந்து சேர்ந்தால்தான் மிச்சம் எட்டிப் பார்க்கிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் வரைவில் "எல்லாரும், அனைவரும், எல்லா, அனைத்தும், முழுவதும்" என்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுவது. அதே வாக்கியத்தின் முடிவில் எதிர்மறை இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த வாக்கியங்களை மட்டும் சோதித்தால் போதும்.

பழமொழி ஏன் குழப்பவில்லை

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பதும் இதே அமைப்புதான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மின்னும் எதுவுமே பொன் இல்லை" என்றும் படிக்கலாம். யாரும் அப்படிப் படிப்பதில்லை. பொன் மின்னும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவு தவறான பொருளைத் தானாகவே தள்ளிவிடுகிறது.

அறிவிப்பு எழுதுபவர் ஏமாறுவது இங்கேதான். ஐந்து மணிக்கு யார் வர வேண்டும் என்பது குழுவில் இருக்கும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவு அவர் மனதில் தவறான பொருளைத் தள்ளிவிடுகிறது. படிப்பவருக்கோ அந்த அறிவு இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் அறிவிப்பையே படிக்கிறார். பொது அறிவைக் கொண்டு பொருள் தெளியும் வாக்கியம் பழமொழிக்குச் சரி. புதிய செய்தி சொல்லும் வாக்கியத்துக்கு அது போதாது.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். "இரண்டு பேரும் வரவில்லை" என்றால் பெரும்பாலும் இருவருமே வரவில்லை என்றுதான் கொள்வோம். ஒருவர் வந்திருந்தால் "ஒருத்தர்தான் வந்தார்" என்று சொல்லியிருப்பார்களே. அதேபோல "எல்லாருமே வரவில்லை" என்று ஏகாரம் சேர்த்தால் பொருள் "ஒருவரும் இல்லை" என்ற பக்கம் நன்றாகச் சாயும். "வேலை முழுவதும் முடியவில்லை" என்பது "பாதி முடிந்தது" என்ற பக்கம் சாயும். இவை சாய்வுகள் மட்டுமே. அறிவிப்பில் சாய்வை நம்பி எழுதாதீர்கள்.

சோதிக்கும் வழி

வாக்கியத்தை உற்று உற்றுப் பார்ப்பதால் பயன் இல்லை. அதன் பின்னால் இன்னொரு வாக்கியத்தை ஒட்டிப் பாருங்கள். இயல்பாக ஒட்டிக்கொள்ளும் தொடர்ச்சிகள் ஒன்றுக்கு மேல் இருந்து, அவை ஒன்றோடொன்று முரண்பட்டால், வாக்கியத்தில் ஒன்றுக்கு மேல் பொருள் இருக்கிறது.

நம் வாக்கியத்தை வைத்தே செய்வோம். "காவடி எடுப்போர் எல்லாரும் காலை 5 மணிக்கு ஆற்றங்கரைக்கு வர வேண்டாம்." இதன் பின்னால்:

"அலகு குத்துபவர்கள் மட்டும் வந்தால் போதும்." ஒட்டுகிறது.

"எல்லாரும் நேராகக் கோவிலுக்கு வந்துவிடுங்கள்." இதுவும் ஒட்டுகிறது. இங்கே ஆற்றங்கரைக்கு ஒருவரும் போவதில்லை.

"7 மணிக்கு வந்தால் போதும்." இதுவும் ஒட்டுகிறது! இப்போது மறுக்கப்படுவது ஆளும் இல்லை, இடமும் இல்லை; நேரம்.

ஒரே வாக்கியம் மூன்று வழியில் போகிறது. நாம் "எல்லாரும்" என்பதை மட்டும் சந்தேகப்பட்டோம். எதிர்மறை வாக்கியத்தில் "5 மணிக்கு", "ஆற்றங்கரைக்கு" என்று வரும் ஒவ்வொரு துண்டும் மறுப்புக்கு இலக்காகலாம். துண்டுகள் கூடக் கூடப் பொருளும் கூடும். அதனால் எதிர்மறை வாக்கியத்தில் ஆள், நேரம், இடம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு எழுதுவதை விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனையைத் தனியாகச் செய்வதைவிட, குழுக் கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் வரைவைக் கொடுத்து "இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது இன்னும் நல்லது. "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். புரிகிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பொருள் புரிந்திருக்கும், அது வேறு வேறு பொருள் என்பதுதான் சிக்கல்.

"அக்கா, இதைப் படிச்சா நாளைக்கு நீங்க எத்தனை மணிக்கு எங்கே போவீங்க?"

"அஞ்சு மணிக்கு ஆத்துக்குப் போக வேணாம்னு போட்டிருக்கே தம்பி. அப்ப கோவிலுக்குத்தானே?"

இப்படி ஒரு பதில் வந்தால் போதும், வரைவை எங்கே திருத்துவது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்ல நினைத்தது எது

திருத்துவதற்கு முன்னால் உண்மை நிலை என்ன என்று குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு வாக்கியத்தை மட்டும் அழகாக்கினால் தவறான செய்தி தெளிவாகப் போய்ச்சேரும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உதவும். 20 பேரை அழைத்தோம் என்று வையுங்கள். மூன்று நிலைகளை நினைத்துப் பாருங்கள்: 20 பேரும் வந்தார்கள், 12 பேர் வந்தார்கள், ஒருவரும் வரவில்லை. "ஒருவரும் வரவில்லை" என்பது கடைசி நிலையில் மட்டும் உண்மை. "எல்லாரும் வந்தார்கள் என்று இல்லை" என்பது 12 பேர் வந்தபோதும் உண்மை, ஒருவரும் வராதபோதும் உண்மை. ஏனென்றால் ஒருவருமே வராவிட்டாலும் "எல்லாரும் வந்தார்கள்" என்பது பொய்தானே.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. "எல்லாரும் வந்தார்கள்" என்பதற்கு நேர் மறுப்பு "ஒருவரும் வரவில்லை" என்பது கிடையாது. "வராதவர் ஒருவராவது உண்டு" என்பதுதான் நேர் மறுப்பு. கூட்டத்தில் ஒருவர் "எல்லாரும் சந்தா கட்டிவிட்டார்கள்" என்று சொல்ல, இன்னொருவர் "இல்லை" என்றால், அவர் ஒருவரும் கட்டவில்லை என்று சொல்லவில்லை. பல வாக்குவாதங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

இன்னொன்று, "எல்லாரும் என்று இல்லை" என்ற வாக்கியத்துக்குள் "சிலர் வந்தார்கள்" என்பது கண்டிப்பாக அடங்கியிருக்கவில்லை. கேட்பவர் அப்படி ஊகித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஒருவருமே வராதபோது "எல்லாரும் வந்துவிடவில்லை" என்று எழுதினால் எழுத்தளவில் அது பொய் ஆகாது, ஆனால் படிப்பவரை ஏமாற்றும். சிலர் வந்தார்கள் என்பது முக்கியமானால் அதைத் தனியாக, வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பொருளுக்கு எப்படி எழுதுவது

ஒருவரும் இல்லை என்பதுதான் செய்தி என்றால், "எல்லாரும்" என்ற சொல்லைக் கையில் எடுக்கவே வேண்டாம். தமிழில் இதற்கென்றே சொற்கள் இருக்கின்றன: யாரும், ஒருவரும், எந்த வண்டியும், எதுவும், ஒன்றும். "எல்லா வண்டிகளும் உள்ளே வரக்கூடாது" என்பதற்குப் பதில் "எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது" என்றால் விவாதத்துக்கு இடமே இல்லை. "எந்த" என்பதும் "உம்" என்பதும் சேர்ந்து, எதிர்மறையோடு வரும்போது "ஒன்றுகூட இல்லை" என்ற ஒரே பொருளைத்தான் தரும்.

எல்லாரும் இல்லை, சிலர்தான் என்பது செய்தி என்றால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, "என்று இல்லை" அல்லது "என்பதில்லை" சேர்ப்பது. "எல்லாரும் வர வேண்டும் என்பதில்லை." இங்கே "எல்லாரும் வர வேண்டும்" என்ற முழு வாக்கியமும் "என்பது" என்ற சொல்லால் கட்டப்பட்டுவிட்டது. எதிர்மறை கட்டுக்கு வெளியே நிற்பதால் அது உள்ளே புகுந்து வினையை மட்டும் பிடிக்க முடியாது. பொருள் ஒன்றுதான். பேச்சில் நாம் சொல்லும் "எல்லாரும் வரணும்னு இல்லை" இதே அமைப்புதான். அதனால் எழுத்தில் போட்டாலும் செயற்கையாகத் தெரியாது.

இரண்டாவது வழி, நடந்ததைச் சொல்லும்போது "விடு" என்ற துணைவினை. "எல்லாரும் வந்துவிடவில்லை" என்றால் சிலர் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்ற பக்கம் பொருள் சாயும். இது நல்ல தமிழ்தான், ஆனாலும் சாய்வுதான். முதல் வழி அளவுக்கு இறுக்கமானது அல்ல. கடிதத்துக்குப் போதும், தீர்மானத்துக்குப் போதாது.

மூன்றாவது வழியைத்தான் நான் எப்போதும் முதலில் முயன்று பார்ப்பேன்: எதிர்மறையே இல்லாமல் எழுதுவது. "மட்டும்", "போதும்", "தவிர மற்றவர்கள்" என்ற சொற்களைக் கொண்டு, யார் செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுவது. அறிவிப்பைப் படிப்பவருக்குத் தேவை, தான் என்ன செய்ய வேண்டும் என்பது. யார் எதைச் செய்ய வேண்டாம் என்பதிலிருந்து அதைக் கணக்குப் போட்டு எடுக்கும் வேலையை அவரிடம் ஏன் விட வேண்டும்?

"சிலர் வரவில்லை" என்று எழுதுவதும் பாதுகாப்பானதுதான். "சிலர்" என்ற சொல்லை எதிர்மறை எளிதில் விழுங்காது. வராத சிலர் இருக்கிறார்கள் என்று பொருள் தெளிவாக நிற்கும்.

வேண்டாம், கூடாது, வேண்டியதில்லை

"எல்லாரும்" தீர்ந்தாலும் இன்னொரு இடத்தில் கால் இடறும். "வேண்டாம்" என்பது இரண்டு வேலை செய்கிறது. "நீங்கள் வர வேண்டாம்" என்றால், வரத் தேவையில்லை, வந்தால் வரலாம் என்றும் கொள்ளலாம். வராதீர்கள் என்றும் கொள்ளலாம். கட்டாயத்தை எடுத்துவிடுவது ஒன்று, தடை விதிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம்.

தடை என்றால் "வரக்கூடாது" என்று எழுதுங்கள். கட்டாயம் இல்லை என்றால் "வர வேண்டியதில்லை" அல்லது "விரும்பினால் வரலாம்" என்று எழுதுங்கள். பெரியவர்களிடம் "கூடாது" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது என்று புதியவர்கள் "வேண்டாம்" என்று மென்மையாக்குவார்கள். மரியாதை வேண்டும்தான். அதற்கு "தயவுசெய்து" சேர்க்கலாம், காரணம் சொல்லலாம். பொருளை மங்கவைத்து மரியாதை காட்ட முடியாது. ஆற்றில் நீர் ஏறியிருக்கும் நாளில் "சிறுவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம்" என்று எழுதினால் சிலர் அதை ஆலோசனை என்று எடுத்துக்கொள்வார்கள். காவடி ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. நமக்கு அது புயல், மழைக் காலம். அங்கே "இறங்கக்கூடாது" என்பதே சரியான சொல்.

ஒரு அறிவிப்பை முழுதாகத் திருத்துவோம்

இதுவரை சொன்னதை வைத்து ஒரு வரைவைத் திருத்திப் பார்க்கலாம். வரைவு இது:

"காவடி எடுப்போர் எல்லாரும் காலை 5 மணிக்கு ஆற்றங்கரைக்கு வர வேண்டாம். எல்லா வாகனங்களும் கோவில் வளாகத்துக்குள் அனுமதிக்கப்பட மாட்டாது. ஏழு கறி விருந்துக்கு எல்லாரும் வாழை இலை கொண்டுவர வேண்டாம்."

மூன்று வாக்கியம், மூன்றிலும் புள்ளி. ("வாகனங்களும்" பன்மை என்பதால் "மாட்டா" என்று முடிய வேண்டும் என்பது தனி விஷயம், அதையும் திருத்திக்கொள்வோம்.)

முதல் வாக்கியத்துக்குக் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வி: ஐந்து மணிக்கு யார் வர வேண்டும், மற்றவர்கள் எப்போது, எங்கே? அலகு குத்துவதற்கு நேரம் எடுக்கும், அதனால் அவர்கள் மட்டும் முதலில் வரட்டும், மற்றவர்கள் ஏழு மணிக்கு அதே இடத்துக்கு வரலாம் என்று பதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால்:

"அலகு குத்திக்கொள்வோர் காலை 5 மணிக்கு ஆற்றங்கரைக்கு வர வேண்டும். காவடி எடுக்கும் மற்றவர்கள் காலை 7 மணிக்கு ஆற்றங்கரைக்கு வந்தால் போதும்."

எதிர்மறை போய்விட்டது. "எல்லாரும்" போய்விட்டது. வாக்கியம் இரண்டானதால் தாளில் ஒரு வரி கூடுதலாகிறது, அதைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கான கேள்வி: ஏதாவது வாகனம் உள்ளே வரலாமா? சமையல் சாமான் கொண்டுவரும் வண்டியும், நடக்க முடியாத முதியவர்களை ஏற்றிவரும் காரும் வரலாம் என்பது பதில். அப்படியானால் வரைவு எழுதியவர் நினைத்தது "எல்லா வாகனமும் என்று இல்லை" என்பதை. படித்தவர்கள் "எந்த வாகனமும் வரக்கூடாது" என்று எடுத்திருந்தால், பாட்டியை அழைத்துவர நினைத்த குடும்பம் அவரை வீட்டிலேயே விட்டு வந்திருக்கும். திருத்தம்:

"சமையல் சாமான் வண்டியும் நடக்க முடியாதவர்களை ஏற்றிவரும் கார்களும் மட்டும் கோவில் வளாகத்துக்குள் வரலாம். வேறு எந்த வாகனமும் உள்ளே வரக்கூடாது."

இங்கே எதிர்மறையை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். "மட்டும்" என்பதே போதும் என்று தோன்றலாம். ஆனால் தடையை ஒரு முறை வெளிப்படையாகச் சொன்னால்தான் வாசலில் நிற்கும் தொண்டர் அறிவிப்பைக் காட்டி வண்டியை நிறுத்த முடியும். "வேறு எந்த… உம்" என்று இருப்பதால் இரண்டு பொருளுக்கு இடம் இல்லை.

மூன்றாவது வாக்கியத்தில் "எல்லாரும்" மட்டுமல்ல, "வேண்டாம்" என்பதும் சிக்கல். குழு இலை வாங்கிவிட்டதா? அப்படியானால்: "வாழை இலையைக் கோவிலே ஏற்பாடு செய்கிறது. யாரும் இலை கொண்டுவர வேண்டியதில்லை." சிலர் கொண்டுவந்தால்தான் போதிய இலை கிடைக்கும் என்றால், கொண்டுவர வேண்டியவர்கள் யார் என்று சொல்லியே ஆக வேண்டும். "எல்லாரும் வேண்டாம்" என்று விட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் கொண்டுவருவார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூட்டக் குறிப்பில் இன்னும் கவனம்

அறிவிப்பில் தவறினால் ஒரு நாள் குழப்பம். கூட்டக் குறிப்பில் தவறினால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். "உறுப்பினர்கள் எல்லாரும் சம்மதிக்கவில்லை" என்று ஒரு குறிப்பு இருந்தால், தீர்மானம் நிறைவேறியதா, தோற்றதா? ஒருவரும் சம்மதிக்காவிட்டால் தோற்றது. சிலர் மட்டும் சம்மதிக்காவிட்டால் ஒருவேளை நிறைவேறியிருக்கும். பின்னாளில் படிப்பவருக்கு இரண்டில் எது என்று தெரியவே தெரியாது. இங்கே எண்தான் மருந்து: "வந்திருந்த 20 பேரில் 14 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு, 2 பேர் கருத்துச் சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது." சம்மதிக்காததும் எதிர்ப்பதும் ஒன்றல்ல என்பதும் இந்த எண்களில் தானாகவே வெளிப்படுகிறது.

கூட்டக் குறிப்பில் "எல்லாரும்" இல்லாமலேயே வரும் இன்னொரு பொறி உண்டு. "பொருளாளர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை." கணக்கைப் பார்த்தார், ஏதோ சரியில்லை என்று கையெழுத்துப் போட மறுத்தார் என்று ஒருவர் படிப்பார். கணக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று இன்னொருவர் படிப்பார். முதலாமவருக்குப் பொருளாளர் நேர்மையானவர், இரண்டாமவருக்குக் கவனமில்லாதவர். வினையெச்சத்தோடு எதிர்மறை சேரும்போது இந்தச் சிக்கல் வரக்கூடும். வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்: "கணக்கைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை." அல்லது எதிர்மறையை எந்த வினைக்கு உரியதோ அதிலேயே ஒட்டுங்கள்: "கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்."

கிரியோலில் எழுதும்போது

நம் கோவில் அறிவிப்புகள் தமிழில் மட்டும் போவதில்லை. வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்களே இங்கு அதிகம். அதனால் கீழே கிரியோலோ பிரெஞ்சோ சேர்ப்போம். அங்கேயும் இதே பள்ளம் இருக்கிறது. "தூ திமூன் பா ஃபின் வினி" என்றால், எல்லாரும் வரவில்லை என்பதைப் போலவே இரண்டு பக்கமும் இழுக்கும். ஒருவரும் வரவில்லை என்றால் "பெர்சோன் பா ஃபின் வினி" என்று எழுதுங்கள். எல்லாரும் இல்லை என்றால் மறுப்பை முன்னால் கொண்டுவந்து "பா தூ திமூன் கி ஃபின் வினி" என்று எழுதுங்கள். பிரெஞ்சில் "எல்லாரும்… இல்லை" என்ற அமைப்பை "சிலர்தான்" என்று படிப்பது எழுத்து வழக்கில் நிலைபெற்றது. அந்த வழக்கில் பழகியவர் தமிழ் வாக்கியத்தையும் அப்படியே படிக்கக்கூடும். தமிழிலேயே வளர்ந்த பெரியவர் வேறு மாதிரி படிக்கக்கூடும்.

அதனால் மொழிபெயர்க்கும்போது தமிழ் வாக்கியத்திலிருந்து தொடங்காதீர்கள். குழு சொன்ன உண்மை நிலையிலிருந்து, அதாவது யார், எப்போது, எங்கே என்பதிலிருந்து, இரண்டு மொழியிலும் தனித்தனியாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் தமிழ் மட்டும் படிப்பவர் ஒருவர், கிரியோல் மட்டும் படிப்பவர் ஒருவர் என்று இருவரிடம் "நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில்கள் வேறுபட்டால் ஏதோ ஒரு மொழியில் எதிர்மறை இன்னும் நழுவிக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே ஒட்டிவிட்ட அறிவிப்பில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பது தெரிந்தால், "முந்தைய அறிவிப்பில் எல்லாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை" என்று விளக்கம் எழுதாதீர்கள். அது எதிர்மறைக்கு மேல் எதிர்மறை, குழப்பம் இரட்டிப்பாகும். பழைய தாளைக் கழற்றிவிட்டு, தேதி போட்ட புதிய தாளை ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் பழையதை நீக்கிவிட்டு, புதியதன் முதல் வரியில் "இதுவே சரியான நேர விவரம்" என்று போட்டு அனுப்புங்கள்.